தாங்கற்கரைசல்: குறிப்பை மீட்பதா, வினாத்தாளைச் செய்வதா?

யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனவியலுக்குத் தயாராகும் எங்கள் இருவருக்கும் இடையிலான வாதத்தைத் தீர்க்க உதவுங்கள்.

"குறிப்பை மீட்காமல் கடந்தகால வினாத்தாளைத் தொட்டால், விடையைப் பார்த்து எழுதவே பழகுவீர்," என்கிறான் நண்பன்.

"இருமுறை மீட்ட நீரே, 25 மில்லிலீற்றர் அசற்றிக்கமிலத்துக்கு அதே செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 12.5 மில்லிலீற்றர் சேர்த்த கணக்கில், அமிலத்தில் பாதி உப்பாகித் தாங்கற்கரைசல் உருவாகிவிட்டதையும் அதனால் pH = pKa என்பதையும் கவனிக்காமல், தனி மென்னமிலத்துக்குரிய சூத்திரத்தைப் பிரயோகித்தீர்," என்றேன்.

"குறிப்பே படிக்காதவருக்கு அந்தப் பிழை எப்படிப் புரியும்?"

அக்கேள்வி நியாயமானது. ஆயினும், குறிப்பை மூடிவைத்து ஒவ்வோர் அலகிலும் சில வினாக்களைச் செய்து, தடுமாறிய பகுதியை மட்டும் மீட்பதே சரியென நினைக்கிறேன். பரீட்சை எழுதிய அண்ணாமாரே, அக்காமாரே, இந்த வழிமுறை எந்த அலகுகளுக்குப் பொருந்தாது?