புல்லை எவ்வளவு பொடியாக நறுக்குவது?

பசும்புல்: புல்லை அரை அங்குலத்துக்கு நறுக்கிப் போடுங்கள். எவ்வளவு பொடியோ அவ்வளவு நல்லது. மாடு தொட்டியை நக்கியே துடைத்துவிடும். நீளமாகப் போடுகிறவர்கள் பாதிப் புல்லைச் சாணியோடு கூட்டித் தள்ளுகிறார்கள்.

கட்டுத்தறி: தொட்டி காலியானதை மட்டும் பார்த்தால் போதுமா? மிச்சத்தை எடை போட்டீர்களா? நான் போட்டேன். நன்றாக முற்றிய நேப்பியர் புல், ஒரு மாட்டுக்கு 30 கிலோ. முழுசாகப் போட்டபோது காலையில் 8 கிலோ தண்டு கிடந்தது. இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை மூக்கால் தள்ளியிருந்தது. ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கியதும் மிச்சம் 2 கிலோ. அரை அங்குலத்திலும் அதே 2 கிலோதான். இலையும் தண்டும் பிரித்தெடுக்க முடியாதபடி கலந்தால் போதும். ஒரு அங்குலத்திலேயே அது நடந்துவிடுகிறது.

பசும்புல்: ஒரு மாட்டை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியா? என் கொட்டகையில் அரை அங்குலம்தான். ஒரு துண்டு மிஞ்சுவதில்லை.

பழைய அரிவாள்: இரண்டு பேருமே கரன்டை வீணாக்குகிறீர்கள். 45 நாளில் இளசாக அறுத்தால் நறுக்கவே வேண்டாம்.

கட்டுத்தறி: இளம்புல்லுக்குச் சரி. காய்ந்த சோளத்தட்டுக்கு என்ன செய்வீர்கள் ஐயா? விரல் தடிமன் தண்டை மாடு முழுசாக மெல்லுமா?

பழைய அரிவாள்: எங்கள் மாடு மென்றது. உங்கள் மாட்டுக்குப் பல் இல்லையோ என்னவோ.

வெள்ளாட்டுப் பட்டி: நான் மரத்தழையை நறுக்கிப் போட்டேன், ஆடுகள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டன. கட்டித் தொங்கவிட்டால் தின்கின்றன. இதுக்கு எத்தனை அங்குலம் வைக்கணும்?

பசும்புல்: அரை அங்குலம்!

கட்டுத்தறி: தொங்கவிட்டால் தின்கிறது என்கிறார், அவருக்கும் அரை அங்குலமா? சரி, ஏன் வேண்டாம் என்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நார் ரொம்பப் பொடியானால் மாடு அசைபோடுவது குறையும். அசைபோடாவிட்டால் எச்சில் குறையும். வயிற்றில் புளிப்பை அடக்குவது அந்த எச்சில்தான். அடர்தீவனத்தை அள்ளி வைக்கிறவர்களுக்கு இதில் சீக்கிரம் அடி விழும். முதலில் பாலில் கொழுப்பு இறங்கும், சாணி இளகும். மதியம் கொட்டகைக்குள் போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் வாயை அசைக்க வேண்டும். சும்மா கிடந்தால் நறுக்கல் நீளத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று, பொடி நறுக்கலை மாடு கூடுதலாகத் தின்னும், உண்மைதான். ஆனால் அது வயிற்றில் தங்காமல் சீக்கிரம் வெளியே போய்விடும். தின்றதெல்லாம் பாலாகிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

பசும்புல்: என் பாலில் கொழுப்பு குறையவே இல்லை. ஊறுகாய்ப்புல் பேச்சில் அரை அங்குலம் என்று சொன்னதே நீங்கள்தானே? ஆளுக்கு ஒரு நாக்கா?

கட்டுத்தறி: அது குழியில் மிதித்துக் காற்றை வெளியேற்ற. நீளமாக இருந்தால் இடுக்கில் காற்று நின்று பூஞ்சை பிடிக்கும். அதையும் இதையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? அன்றைக்கும் பாதிதான் படித்தீர்கள்.

பட்டறை: அரை அங்குலம், அரை அங்குலம் என்கிறீர்களே, மெஷினில் பல்சக்கரத்தை வைத்த அளவு அது. விழுகிறது எவ்வளவு? ஒரு கை அள்ளித் தரையில் பரப்பிப் பாருங்கள். கத்தி மழுங்கி இருந்தாலோ, கத்திக்கும் எதிர்த்தகட்டுக்கும் இடைவெளி கூடியிருந்தாலோ, நாலைந்து அங்குல நார் கிழிந்து தொங்கும். தண்டு நசுங்கிச் சாறு வழியும். மோட்டார் இணைப்பைக் கழற்றிவிட்டு, கத்திக்கும் எதிர்த்தகட்டுக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும், மடங்கக்கூடாது. நீளம் கூட வேண்டும் என்று மூன்று கத்திச் சக்கரத்தில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டியவரை எனக்குத் தெரியும். சக்கரம் ஆடி, மெஷினே கால் பெயர்ந்து நின்றது.

கட்டுத்தறி: இதைத்தான் கேட்கிறேன். பசும்புல் அவர்களே, அரை அங்குலத்துக்கு நறுக்க ஒரு அங்குலத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அத்தனை நேரம் ஓட்டுகிற கத்தியைக் கடைசியாக எப்போது சாணை பிடித்தீர்கள்?

பசும்புல்: என் கத்தியைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். மாடு தின்கிறதா, இல்லையா? அரை அங்குலத்தில் தின்கிறது. அவ்வளவுதான்.

பழைய அரிவாள்: அரிவாளுக்கு எதிர்த்தகடும் கிடையாது, பல்சக்கரமும் கிடையாது.

பட்டறை: விரலுக்கும் காப்பு கிடையாது ஐயா.

கட்டுத்தறி: பசும்புல், பேச்சை மாற்றாதீர்கள். ஒரு கை நறுக்கலை அளவுகோலோடு வைத்துப் படம் பிடித்துப் போடுங்கள்.

பசும்புல்: முதலில் உங்கள் தராசைப் போடுங்கள்.