இ-பாஸ் ஒரு வண்டிக்கு எடுத்தாகிவிட்டது, டிராவல்ஸ்காரர் வேறு வண்டி அனுப்புகிறார்: கல்லாறு சோதனைச் சாவடியில் என்ன ஆகும்?

குரோம்பேட்டைக்காரன்
நண்பர்களே, அவசரமான சந்தேகம். குடும்பமாக 12 பேர் வேனில் ஊட்டி போகிறோம். 2025 மே 9 வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி, சேலம், அவிநாசி, அன்னூர் வழியாக சனிக்கிழமை விடியற்காலை மேட்டுப்பாளையம். மூன்று வாரம் முன்னாலேயே epass.tnega.org தளத்தில் சனிக்கிழமைக்கு பாஸ் எடுத்துவிட்டேன், வண்டி எண்ணை டிராவல்ஸ் ஆபீஸில் கேட்டு வாங்கித்தான் போட்டேன். இன்று போன் செய்து, அந்த வண்டி கிளட்ச் வேலைக்குப் போயிருக்கிறது, வேறு வேன் தருகிறோம், "பாஸ்தான் இருக்கே சார், காட்டினா விட்டுடுவாங்க" என்கிறார்கள். அப்படியே விடுவார்களா? பாஸில் எண்ணை மாற்ற வழி எதுவும் என் கண்ணில் படவில்லை. இப்போது தளத்தில் பார்த்தால் 10ஆம் தேதிக்கு இடம் இல்லை என்று வருகிறது.

போரூர் பைக்கர்
ஒரு பிரச்சனையும் இல்லை. போன வருஷம் நான் பாஸே இல்லாமல் போய், சாவடியிலேயே போனில் பதிவு செய்து ஐந்து நிமிடத்தில் மேலே ஏறினேன். அங்கே நிற்கிறவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். கோத்தகிரி வழியாகப் போனால் கெடுபிடியும் கம்மி.

மேட்டுப்பாளையத்து மருமகன்
போரூர் சார், நீங்கள் சொல்வது 2024 கதை. உயர் நீதிமன்றம் சொல்லி அந்த மே 7ஆம் தேதி இ-பாஸ் வந்தபோது எத்தனை வண்டி வருகிறது என்று கணக்கெடுப்பதுதான் நோக்கம், கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. இந்த 2025 ஏப்ரல் முதல் உச்சவரம்பு வந்துவிட்டது. நீலகிரிக்கு வாரநாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000. அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால் சாவடியில் நின்று பதிவு செய்தாலும் தளம் தராது, அங்கே நிற்கிறவரைக் கெஞ்சிப் பலனில்லை.

கோத்தகிரிப் பக்கம் குஞ்சப்பனையிலும் சாவடி உண்டு, அங்கேயும் இதே சோதனைதான். அதுவும் போக, கோடை சீசனில் ஒருவழி: குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

இனி குரோம்பேட்டை சார் கேட்டதற்கு. பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. கல்லாறில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்ததும் அவர்கள் கையிலுள்ள கருவியில் வண்டி எண் வரும், அடுத்த நொடி குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் ஓரம் கட்டச் சொல்வார்கள். பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கும்போது கிளட்ச் கதை கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இருக்காது.

அம்பத்தூர் அம்மா
நாங்கள் கொடைக்கானல் போனபோதும் இதே மாதிரிதான் அலைந்தோம். அங்கே 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்ஸை விடமாட்டேன் என்று வத்தலகுண்டிலேயே சொல்லிவிட்டார்கள், மொத்தக் கூட்டமும் சின்ன வேனுக்கு மாறினோம். உங்கள் வேன் எவ்வளவு நீளம்? அதைப் பார்த்தீர்களா? பாஸுக்கு எவ்வளவு பணம் கட்டினீர்கள்?

குரோம்பேட்டைக்காரன்
அம்மா, நீளம் பிரச்சனை இல்லை, 12 சீட் வேன்தான், எங்களுக்கு எண்தான் சிக்கல். பணம் எதுவும் கட்டவில்லை, பாஸ் இலவசம். யாராவது 'எடுத்துத் தருகிறேன்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

மருமகன் சார், பழைய பாஸை ரத்து செய்தால் அந்த இடம் திரும்பி வருமா?

மேட்டுப்பாளையத்து மருமகன்
அதை நம்பிக் கையில் இருப்பதை விடாதீர்கள். முதலில் புது வண்டிக்கு 10ஆம் தேதி மறுபடி திறக்கிறதா என்று பாருங்கள், மற்றவர்கள் ரத்து செய்யும்போது ஒன்றிரண்டு கிடைக்கலாம். கிடைக்கவில்லை என்றால் நான் செய்வது இதுதான்: கிளம்புவதை வெள்ளி விடிகாலைக்கு மாற்றி, நுழையும் தேதியை 9 என்று போட்டுப் பாருங்கள். கணக்கு நுழையும் நாளுக்குத்தான். வெள்ளிக்கிழமைக்கு அந்த அளவு அடிதடி இருக்காது. சென்னையில் காலை ஐந்துக்குக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கல்லாறு. ஒரு ராத்திரி தங்கும் செலவு கூடும், அது உங்கள் கணக்கு.

அதுவும் முடியாவிட்டால் வேனை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுங்கள். அரசு பஸ்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, உங்களுக்குப் பாஸும் வேண்டாம். மலை ரயிலை நம்ப வேண்டாம், மே மாத டிக்கெட் எல்லாம் எப்போதோ போயிருக்கும்.

ஒன்று கட்டாயம்: டிராவல்ஸிடம் புது வண்டியின் ஆர்சி புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்ன எண்ணை நம்பி ஒருமுறை மாட்டியாகிவிட்டது. பாஸ் எடுத்த பின் வண்டி மாறினால் பயணத்துக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், அப்போதுதான் அவர்களே வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

போரூர் பைக்கர்
சரி, உச்சவரம்பு விஷயம் கவனிக்கவில்லை. ஆனால் ஒரே மொபைல் எண்ணில் அதே நாளுக்கு இரண்டாவது பாஸ் எடுக்க விடாது என்று நினைக்கிறேன், என் தம்பிக்கு வரவில்லை. மனைவி போனில் பதிவு செய்து பாருங்கள்.

வேளச்சேரி வாத்தியார்
எனக்கு ஒரே எண்ணில் இரண்டு வண்டிக்கும் வந்தது, ஆனால் வேறு வேறு தேதி. எதற்கும் இன்னொரு எண் கையில் இருக்கட்டும். பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஒரு பிரதி அச்செடுத்து டிரைவரிடம் கொடுங்கள், வரிசையில் நிற்கும்போது நெட்வொர்க் காலை வாரும்.

இன்னொன்று, கல்லாறில் பையையும் பார்ப்பார்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், 12 பேர் என்றால் எப்படியும் ஒரு கேஸ் வாங்கிப் போட்டிருப்பீர்கள். ஸ்டீல் பாட்டில் அல்லது ஐந்து லிட்டருக்குக் குறையாத கேன் எடுத்துப் போங்கள். பாஸ் இலவசம் என்றாலும் பசுமை வரி என்று ஒரு சின்னத் தொகை சாவடியில் தனியாக வாங்குவார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்
மிக்க நன்றி. ஆர்சி போட்டோ வாங்கிவிட்டேன் (கேட்டதும் இரண்டு மணி நேரம் பதிலே இல்லை, அதுவே சந்தேகம்). மனைவி எண்ணில் 9ஆம் தேதிக்குப் பதிவு ஆகிவிட்டது, லீவு சொல்ல வேண்டும், மாமனார் முணுமுணுக்கிறார், பரவாயில்லை. பழைய 10ஆம் தேதி பாஸை அப்படியே விட்டால் தப்பா?

அப்புறம், ஞாயிறு ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கி முதுமலை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று டிரைவர் சொல்கிறார்.

மேட்டுப்பாளையத்து மருமகன்
அந்தப் பாஸை ரத்து செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள், இன்னொரு குடும்பத்துக்கு இடம் கிடைக்கும்.

கல்லட்டியில் இறங்க வெளியூர் வண்டியை விடமாட்டார்கள். 36 கொண்டை ஊசி வளைவு, சரிவு அப்படி, பிரேக் சூடாகி வேலை செய்யாமல் போன வண்டிகள் ஏராளம். 2018இல் சென்னையிலிருந்து போன ஒரு காரே அங்கே பள்ளத்தில் விழுந்து இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. முதுமலை பார்க்க வேண்டும் என்றால் கூடலூர் போய்த் தெப்பக்காடு வழியாகத்தான். அந்தக் காட்டு ரோட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை, அதை டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த டிரைவர் மலை ஓட்டிப் பழகியவர்தானா?

குரோம்பேட்டைக்காரன்
அதையும் கேட்கிறேன். வண்டி மாறியபோது டிரைவரும் மாறிவிட்டார்.