மனப்பாடமா, ஏஐ எழுதியதா?

கரும்பலகை: 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தைப் பற்றி வீட்டில் எழுதி வரச் சொன்ன விடைகள். எல்லாம் கையெழுத்து, எல்லாம் உரைநூல் நடை. நோட்ஸை உருப்போட்டு எழுதியது எது, ஏஐயிடம் வாங்கி எழுதியது எது?

நேர்கோடு: சுலபம். 'முக்கியப் பங்கு வகிக்கிறது', 'என்பது குறிப்பிடத்தக்கது' இரண்டும் பத்திக்குப் பத்தி வந்தால் ஏஐதான்.

சந்திப்பிழை: அந்த இரண்டும் இல்லாத கைடு உண்டா? நடையை விடுங்கள், பிழையைப் பாருங்கள். உருப்போட்டது காதில்தான் தங்கும். அதனால் 'ஞாலத்தின் மாணப் பெரிது' என்பது 'ஞாளத்தின் மானப் பெரிது' என்று வரும். எழுத்து தப்பும், ஓசை தப்பாது.

இன்னொன்று, தாவல். 102ஆம் குறள் 'மாணப் பெரிது' என்று முடிகிறது, 103 'கடலின் பெரிது' என்று. உருப்போட்டவர் 'காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும்' என்று தொடங்கி 'நன்மை கடலின் பெரிது' என்று முடித்துவிடுவார். அடுத்த வரியிலேயே பயன் கருதாத உதவிக்கு விளக்கம் ஓடும். காலத்தில் செய்த உதவி அப்படியே நின்றுபோகும். இரண்டு பாதியும் வள்ளுவருடையவைதான். ஏஐ தவறும்போது எந்தக் குறளிலும் இல்லாத அடி வரும், எழுத்துப்பிழை இருக்காது. சீரை எண்ணுங்கள்: நான்கும் மூன்றுமாக நிற்காது, எதுகையும் பெரும்பாலும் இருக்காது.

நேர்கோடு: இப்போதெல்லாம் குறளைச் சரியாகவே தருகிறதே?

சந்திப்பிழை: பிரபலமான குறள் என்றால் தரும். ஆகவே பிழை இருந்தால் அது தடயம். இல்லையென்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

பத்தாம்வகுப்பு அம்மா: என் பையன் கைடைப் பார்த்துத்தான் எழுதினான். அதற்கும் மதிப்பெண் குறைப்பீர்களா சார்?

கரும்பலகை: இல்லைம்மா, கேள்வி அதுவல்ல. ஆனால் பார்த்து எழுதியதில் காதுப் பிழை வராதே, அப்போது?

சந்திப்பிழை: வராது. அங்கே கைடை எடுத்து ஒப்பிடுவதுதான் வழி. இல்லாவிட்டால் கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள்: 'நன்றி கொன்றவனுக்கு வள்ளுவர் சொல்லும் முடிவு யாது?' இதற்கு 110 ஒன்றே போதும். உருப்போட்டவர் 101இலிருந்து மொத்த அதிகாரத்தையும் இறக்கிவிட்டுத்தான் 'உய்வில்லை'க்கு வருவார். ஏஐ விடை கேட்டதோடு நிற்கும்.

திருத்துநர்: நன்றாகப் படித்த பிள்ளையும் கேட்டதோடுதான் நிற்கும். அதையும் ஏஐ என்பீர்களா? நேரில் கூப்பிட்டு விடையின் நடுவிலிருந்து ஒரு வரியைச் சொல்லி, அதற்கு மேல் சொல்லச் சொல்லுங்கள். உருப்போட்டவர் பத்தியின் தலைப்பிலிருந்து முணுமுணுத்து அந்த இடத்துக்கு வந்து சேருவார். புரிந்தவர் சொந்த வார்த்தையில் சொல்வார். பார்த்து எழுதியவர் திகைப்பார். மூலம் கைடா ஏஐயா என்பது அப்போதும் தெரியாது.

நேர்கோடு: ஏஐ விடையையே உருப்போட்டு வந்தால்?

சந்திப்பிழை: காதுப் பிழையோடு இல்லாத குறளும் வந்தால் சந்தேகப்படலாம். குறள் சரியாக இருந்தால் என்னிடம் வழியில்லை.

திருத்துநர்: சந்தேகத்தை வைத்து மதிப்பெண்ணைத் தொடாதீர்கள்.