லிமிட் 1 லட்சம், பாக்கி 77 ஆயிரம்தான். ஓவர்லிமிட் கட்டணம் எப்படி விழுந்தது?

கொடிசியா:
என் கிரெடிட் கார்டு லிமிட் 1,00,000 ரூபாய். இந்த மாத ஸ்டேட்மென்ட்டில் ‘ஓவர்லிமிட் கட்டணம் 500, ஜிஎஸ்டி 90’ என்று 590 ரூபாய் போட்டிருக்கிறார்கள். பழைய பாக்கி 22,000. 5-ஆம் தேதி கோவாவில் ஓட்டலில் தங்கப் போனபோது கார்டைத் தேய்த்தார்கள். 8-ஆம் தேதி கிளம்பும்போது பில் 26,500. ஊருக்கு வந்து 11-ஆம் தேதி ஃபிரிட்ஜ் வாங்கினேன், 28,900. எப்படிக் கூட்டினாலும் 77,400 தான் வருகிறது. லிமிட்டைத் தொடவே இல்லையே? கஸ்டமர் கேரில் கேட்டால் “சிஸ்டம் போட்டது சார்” என்கிறார்கள். ஆப்பில் மீதி லிமிட் பூஜ்யம் என்று வேறு காட்டுகிறது.

தல்லாகுளம்:
ஃபிரிட்ஜை இஎம்ஐயில் வாங்கினீர்களா? எனக்கு அப்படித்தான் ஆனது. மாதம் 4,000 தானே என்று நினைத்து டிவி வாங்கினேன், முழு விலையும் லிமிட்டில் பிடித்துக்கொண்டார்கள். தவணை கட்டக் கட்ட, அதில் அசல் எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பி வரும்.

கொடிசியா:
இஎம்ஐ இல்லை அண்ணா, முழுத்தொகை ஒரே ஸ்வைப். அப்படியே இஎம்ஐ என்றாலும் 28,900க்கு மேல் பிடிக்க மாட்டார்களே.

சட்டம்_பேசுவோம்:
கவலையே வேண்டாம் நண்பரே. ரிசர்வ் வங்கி 2022-இலேயே ஓவர்லிமிட் கட்டணத்தைத் தடை செய்துவிட்டது. ஒரு பைசா கட்டாதீர்கள். விதியைக் காட்டி மெயில் போடுங்கள், அலறிக்கொண்டு திருப்பித் தருவார்கள்.

முன்மேசை:
பன்னிரண்டு வருடம் ஓட்டல் ரிசப்ஷனில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். தம்பி, உங்கள் கணக்கில் ஒரு தொகை விட்டுப்போயிருக்கிறது. 5-ஆம் தேதி ஓட்டலில் தேய்த்தது எவ்வளவுக்கு? அந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடிப் பாருங்கள்.

கொடிசியா:
பார்த்தேன். 30,000. ஆனால் அது ஸ்டேட்மென்ட்டில் வரவே இல்லை, அதனால் கேன்சல் ஆகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

முன்மேசை:
அதுதான் விஷயம். அது கேன்சல் ஆகவில்லை, பிளாக்காக நிற்கிறது. தங்க வருகிறவர் பில் கட்டாமல் போய்விடக் கூடாது என்று மூன்று நாள் வாடகையோடு கொஞ்சம் சேர்த்துப் பிடித்து வைப்போம். ப்ரீ-ஆத் என்போம். பணம் ஓட்டலுக்கு வராது, உங்கள் பாக்கியிலும் ஏறாது. ஆனால் மீதி லிமிட் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

கிளம்பும்போது அந்தப் பழைய ஸ்லிப்பில் இருக்கும் அப்ரூவல் கோடை மெஷினில் போட்டு, அதே பிளாக்கை 26,500க்கு முடிக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் 30,000 போய் 26,500 வந்திருக்கும். ஆனால் நடப்பது என்ன? காலை ஷிப்டில் இருப்பவருக்கு முதல் நாள் ஸ்லிப் எங்கே என்று தெரியாது, வாசலில் டாக்ஸி நிற்கிறது, புதிதாக 26,500க்கு ஒரு ஸ்வைப் போட்டு அனுப்பிவிடுவார். பழைய பிளாக்கை யாரும் தொட மாட்டார்கள். இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

இப்போது 11-ஆம் தேதி மாலை வங்கியின் கண்ணால் பாருங்கள். 22,000, அதோடு பிளாக் 30,000, அதோடு பில் 26,500. மொத்தம் 78,500. மிச்சம் 21,500 தான். அதில் 28,900க்கு ஃபிரிட்ஜ் வாங்கினால் 7,400 தாண்டுகிறது. தாண்டிய தொகையில் இரண்டரை சதவீதம் கட்டணம் என்றால் 185 ரூபாய்தான், ஆனால் குறைந்தபட்சக் கட்டணம் 500 என்று வைத்திருப்பார்கள். உங்களுக்கு விழுந்ததும் 500 தானே.

கொடிசியா:
ஐயோ, சரியாக வருகிறது. அப்படியானால் லிமிட் தாண்டும்போது ஃபிரிட்ஜ் கடையிலேயே கார்டை ரிஜெக்ட் செய்திருக்க வேண்டாமா?

கவுன்டர்_4:
வங்கியில் கார்டு பிரிவில் இருந்தேன். நல்ல கேள்வி, இங்கேதான் விதி வருகிறது. மேலே ஒருவர் தடை என்று எழுதியிருக்கிறார், பாதிதான் சரி. 2022 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு கட்டணத்தை ஒழிக்கவில்லை. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட் தாண்டவே விடக் கூடாது என்கிறது. அந்தப் பகுதி அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் கொடுத்திருந்தால் கடையில் கார்டு ஓடும், கட்டணமும் விழும். கொடுக்காவிட்டால் கடையிலேயே நின்றிருக்க வேண்டும். ஆப்பில் கார்டு செட்டிங்கில் ஓவர்லிமிட் என்று ஒரு பட்டன் இருக்கும், பாருங்கள்.

கொடிசியா:
ஆன் என்று இருக்கிறது மேடம். நான் தொட்ட ஞாபகமே இல்லை.

கவுன்டர்_4:
கார்டு வாங்கும்போது வரிசையாக டிக் போட்டதில் போயிருக்கலாம். அதனால் மெயிலில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள். ஓவர்லிமிட்டுக்கு நான் எந்தத் தேதியில், எந்த வழியில் சம்மதம் கொடுத்தேன், அந்தப் பதிவைக் காட்டுங்கள் என்பது ஒன்று. லிமிட் தாண்டியதே முடிந்துபோன ஓட்டல் பில்லின் பழைய பிளாக்கால்தான், உண்மைப் பாக்கி 77,400, எனவே 590ஐயும் திருப்புங்கள் என்பது இன்னொன்று. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போடலாம்.

அதுவரை ஸ்டேட்மென்ட் தொகையை முழுதாகக் கட்டிவிடுங்கள். 590ஐ நிறுத்தி வைத்துச் சண்டை போட்டால், பாக்கி இருப்பதாகச் சொல்லி வட்டி ஓடும், அது இன்னொரு தலைவலி.

சட்டம்_பேசுவோம்:
சம்மதம் என்பதெல்லாம் கண்துடைப்பு மேடம். யார் அதைப் படித்து டிக் போடுகிறார்கள்?

கவுன்டர்_4:
அதை மறுக்கவில்லை. ஆனால் “தடை” என்று எழுதினால் வங்கி ஒரே வரியில் பதில் போட்டு முடித்துவிடும். சம்மதப் பதிவைக் கேட்டால் தேடித்தான் ஆக வேண்டும்.

தல்லாகுளம்:
இப்போதே ஒரு 8,000 கட்டிவிட்டால் கட்டணம் போய்விடாதா?

முன்மேசை:
விழுந்த கட்டணம் போகாது. மீதி லிமிட் மேலே ஏறும், அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் வாங்கும் முன் கட்டி, அது வரவாகியும் இருந்தால் பலன் இருந்திருக்கும்.

கொடிசியா தம்பி, பிளாக் தானாகவும் உதிரும். ஆனால் ஓட்டல் பிளாக் முப்பது நாள் வரை நிற்பதுண்டு. காத்திருக்காமல் ஓட்டல் கணக்குப் பிரிவுக்கு மெயில் போடுங்கள்: தங்கிய தேதி, கார்டின் கடைசி நான்கு எண், 30,000, முதல் ஸ்லிப்பின் அப்ரூவல் கோடு. மெஷினில் ரிலீஸ் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால், லெட்டர்ஹெட்டில் “இந்தத் தொகையை நாங்கள் கோரப்போவதில்லை” என்று எழுதி வாங்கி வங்கிக்கு அனுப்புங்கள். முழுக் கார்டு எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
ஒரு சந்தேகம். பிளாக் நிற்கிறதா இல்லையா என்று ஆப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? என் ஆப்பில் அந்த வரியே வருவதில்லை.

கவுன்டர்_4:
சில ஆப்பில் வராது. மொத்த லிமிட்டிலிருந்து, பில்லாகாத செலவையும் சேர்த்து இதுவரை உள்ள பாக்கியைக் கழியுங்கள். ஆப் காட்டும் மீதி லிமிட் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் பிளாக், அல்லது இஎம்ஐயில் மாட்டியிருக்கும் அசல். கொடிசியாவுக்கு கட்டணத்தையும் சேர்த்துக் கழித்தால் 22,010 இருந்திருக்க வேண்டும், பூஜ்யம் காட்டியது.

கொடிசியா:
அப்டேட்: ஓட்டல் கடிதம் அனுப்பிவிட்டது, வங்கியும் பிளாக்கை எடுத்துவிட்டது, மீதி லிமிட் சரியாகிவிட்டது. ஓவர்லிமிட் பட்டனையும் ஆஃப் செய்தேன். கட்டணத்துக்கு மட்டும் “பரிவர்த்தனை நேரத்தில் லிமிட் தாண்டியது உண்மை” என்று பதில். சம்மதத் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கவுன்டர்_4:
பிளாக்கையும் சேர்த்துத்தான் கட்டணம் கணக்கிடுவோம் என்று அவர்கள் விதிமுறைத் தாளில் இருக்கிறதா பாருங்கள். வங்கிக்கு வங்கி இது மாறும். இல்லை என்றால் அதையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

கொடிசியா:
தேடிப் பார்த்தேன் மேடம். “நிலுவைத் தொகை லிமிட்டைத் தாண்டினால்” என்றுதான் இருக்கிறது. அந்த வரியை அப்படியே வைத்து இன்று இரண்டாவது மெயில் போட்டிருக்கிறேன்.