கலைச்சொல் விவாதம்: அடுத்தடுத்த இரு குலுக்கல்களிலும் வரும் எண்ணுக்கு என்ன பெயர்?

அனுப்பியவர்: மீனா

அனைவருக்கும் வணக்கம். நிகழ்தகவு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கிடைக்காமல் இரண்டு நாளாக நின்றுபோயிருக்கிறது.

1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறை எடுக்கும் லாட்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குலுக்கலில் 3, 11, 18, 27, 34, 46 வருகின்றன. அடுத்த குலுக்கலில் 7, 18, 22, 30, 41, 49. இரண்டிலும் 18 இருக்கிறது. இந்த 18-ஐ என்னவென்று அழைப்பது? "முந்தைய குலுக்கலில் வந்து இந்தக் குலுக்கலிலும் வந்த எண்" என்று ஒரே பத்தியில் ஏழு தடவை எழுதியிருக்கிறேன். எனக்கே மூச்சு வாங்குகிறது. இப்போதைக்கு "மீளெண்" என்று வைத்திருக்கிறேன்.

கட்டுரையின் மையமே இந்த எண்தான். 100 குலுக்கல்களை எடுத்தால் சுமார் 56-இல் முந்தைய குலுக்கலின் எண் ஒன்றாவது இருக்கும். படித்துப் பார்த்த தோழி, "5 அல்லது 6 என்று இருக்க வேண்டும், அச்சுப்பிழை" என்று திருத்தியே அனுப்பிவிட்டார். அதனால் சொல் தெளிவாக அமைவது முக்கியம். உங்கள் கருத்து என்ன?

அனுப்பியவர்: பரிமளா

மீனா, இதற்குப் புதுச்சொல் எதற்கு? "தொடர் எண்" என்று ஏற்கெனவே இருக்கிறதே. 26, 27 என்று ஒட்டி வருவதைத்தானே கேட்கிறீர்கள்? அதுவும் நாம் நினைப்பதைவிட அடிக்கடி வரும் என்று படித்திருக்கிறேன். கிட்டத்தட்டப் பாதிக் குலுக்கல்களில் அப்படி ஒரு ஜோடியாவது இருக்குமாம்.

அனுப்பியவர்: இளங்கோ

பரிமளா அக்கா, மீனா கேட்பது ஒரே குலுக்கலுக்குள் ஒட்டி வரும் எண்களை அல்ல. இரண்டு குலுக்கல்களை ஒப்பிடுகிறார்.

எனக்குக் கணக்கில்தான் சந்தேகம். முந்தைய குலுக்கலின் ஓர் எண் மறுபடி வருவதற்கான வாய்ப்பு 49-இல் 6. அப்படி ஆறு எண்கள் இருக்கின்றன. ஆறு முறை கூட்டினால் 36/49, அதாவது 73 விழுக்காடு. மீனா 56 என்கிறார். எங்கே 17 தொலைந்தது?

சொல்லுக்கு "மறுவரவு" நன்றாக இருக்கும் என்று படுகிறது.

அனுப்பியவர்: கதிரேசன்

பரிமளா அம்மா சொன்ன தகவல் சரிதான். 49-இல் 6 எடுக்கும்போது ஒட்டிய ஜோடி ஒன்றாவது வரும் வாய்ப்பு 49.5 விழுக்காடு. ஆனால் அது வேறு கேள்வி. அவர் இப்படிப் படித்ததே நமக்கு ஓர் எச்சரிக்கை: "தொடர்", "அடுத்தடுத்த" என்ற அடைமொழிகள் எதைத் தழுவுகின்றன, எண்ணையா குலுக்கலையா என்று வாசகர் தடுமாறுவார். சொல்லுக்குள் அவை வரக் கூடாது.

இளங்கோ, உங்கள் 73 தவறான எண் அல்ல. அது இன்னொரு கேள்விக்கான விடை. 100 குலுக்கல்களில் மொத்தம் எத்தனை எண்கள் இப்படிப் பொதுவாக வரும் என்று கேட்டால் சுமார் 73 என்பதுதான் விடை. மீனா கேட்பது எத்தனை குலுக்கல்களில் என்று. இரண்டும் ஒன்றல்ல, ஏனென்றால் சில குலுக்கல்களில் இரண்டு, மூன்று எண்கள் சேர்ந்தே வந்துவிடும். நூறில் சுமார் 44-இல் ஒன்றுமே பொதுவாக இருக்காது. 41-இல் ஒன்று, 13-இல் இரண்டு, 2-இல் மூன்று. பிந்தைய மூன்றையும் கூட்டினால் 56 குலுக்கல்கள். எண்களாகக் கூட்டினால் 41, அப்புறம் 26, அப்புறம் 6, ஆக 73. தொலைந்த 17 இங்கே இருக்கிறது. உங்கள் முறையை வாய்ப்பாகக் கொள்ள முடியாது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை: ஆறுக்குப் பதில் எட்டு எண்கள் எடுக்கும் லாட்டரியில் அதே கூட்டல் 64/49 என்று ஒன்றைத் தாண்டிவிடும். வாய்ப்பு ஒன்றைத் தாண்டாது.

சரியான வழி, "ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை" என்பதன் வாய்ப்பைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழிப்பது. புதுக் குலுக்கலின் முதல் பந்து பழைய ஆறையும் தவிர்க்க வேண்டும், அதற்கு 49-இல் 43 வழி. இரண்டாவது பந்துக்கு மீதி 48-இல் 42. இப்படியே போனால்:

```
43/49 × 42/48 × 41/47 × 40/46 × 39/45 × 38/44 = 0.436
1 − 0.436 = 0.564
```

இந்தப் பெருக்கலைப் பந்து பந்தாகப் போட்டுப் பாருங்கள். முதல் பந்துக்குப் பிறகு தப்பிக்கும் வாய்ப்பு 88 விழுக்காடு. அடுத்து 77, 67, 58, 50, கடைசியில் 44. எந்த ஒரு பந்தும் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கடைசியில் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது.

மீனாவின் தோழி ஏன் 5 என்று நினைத்தார்? மனம் இங்கே ஒரு குறிப்பிட்ட எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. "போன தடவை வந்த 18 இந்தத் தடவையும் வருமா?" என்று கேட்டால் வாய்ப்பு 12 விழுக்காடுதான். அரிது என்ற உணர்வு அங்கிருந்து வருகிறது. ஆனால் நாம் 18-க்காகக் காத்திருக்கவில்லை. பழைய ஆறில் எதுவும், புதிய ஆறில் எதனுடனும் பொருந்தினால் போதும். அப்படிப் பொருந்தக்கூடிய ஜோடிகள் 36. அந்த 36 கண்ணுக்குத் தெரிவதில்லை, 18 மட்டும் தெரிகிறது.

இனிச் சொல். "மீளெண்", "மறுவரவு" இரண்டும் எனக்கு உறுத்துகின்றன. மீள்வது, மறுபடி வருவது என்றால் அந்த எண் எங்கோ போய்த் திரும்பியது போல, பந்துக்குப் பழைய நினைவு இருப்பது போலத் தொனிக்கிறது. 56 வருவதற்கு நினைவே தேவையில்லை. இரண்டு குலுக்கல்கள் ஒன்றையொன்று அறியாமல் நடந்தாலே 56 வரும்.

அனுப்பியவர்: சுந்தர்

நான் கணக்கு ஆள் இல்லை. ஆனால் பல ஆண்டுகளாக ஒரு நோட்டில் குலுக்கல் முடிவுகளை எழுதி வருகிறேன், இதே 49-இல் 6 வகைதான். என் நோட்டில் 56 இல்லை ஐயா. பத்துக்கு ஏழு தடவை போல முந்தைய எண் வந்திருக்கிறது. சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், பக்கம் முழுக்கச் சிவப்பு. இயந்திரம் பழைய பந்துகளை விரும்புகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் "மீளெண்" பொருத்தமான சொல்தானே?

2009 செப்டம்பரில் பல்கேரியாவில் அடுத்தடுத்த இரு குலுக்கல்களில் அதே ஆறு எண்கள் வந்தன: 4, 15, 23, 24, 35, 42. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அனுப்பியவர்: கதிரேசன்

சுந்தர், ஒரு கேள்வி. உங்கள் லாட்டரியில் ஆறு எண்களுக்குப் பிறகு கூடுதலாக ஏழாவது பந்து எடுப்பார்களா? அதையும் நோட்டில் எழுதி வட்டம் போட்டீர்களா? அப்படியென்றால் நீங்கள் ஒப்பிடுவது ஏழையும் ஏழையும். ஜோடிகள் 36 அல்ல, 49 ஆகிவிடும். ஒன்றாவது பொருந்தும் வாய்ப்பு 68.6 விழுக்காட்டுக்கு ஏறிவிடும். உங்கள் பத்துக்கு ஏழு அதுதான் என்று நினைக்கிறேன்.

இயந்திரத்துக்குப் பழைய பந்துகள் மீது விருப்பம் உண்டா என்று பார்க்க உங்கள் நோட்டே போதும். ஒவ்வொரு குலுக்கலையும் முந்தையதோடு ஒப்பிடாமல், பத்துக் குலுக்கல்களுக்கு முந்தையதோடு ஒப்பிடுங்கள். நினைவு இருந்தால் பக்கத்துக் குலுக்கல்களில்தான் பொருத்தம் கூடுதலாக இருக்கும், தள்ளிப் போனால் குறையும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் நினைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. மேலே உள்ள பெருக்கலில் "அடுத்த" என்ற தகவலை நான் எங்கும் பயன்படுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். எந்த இரண்டு குலுக்கல்களுக்கும் அதே கணக்குத்தான்.

பல்கேரியாவுடையது 42-இல் 6. அங்கே ஒன்றாவது பொருந்துவது 63 விழுக்காடு, சாதாரண நிகழ்வு. ஆறும் பொருந்துவது 52,45,786-இல் ஒன்று. அது அரிதுதான், மறுக்கவில்லை. "ஒன்றாவது" என்பதும் "எல்லாம்" என்பதும் ஒரே கதையின் இரண்டு ஓரங்கள். ஓர் ஓரத்தின் அரிய தன்மையை மற்றதற்குக் கொடுக்கக் கூடாது.

அனுப்பியவர்: சுந்தர்

ஆமாம் ஐயா, ஏழாவது பந்தையும் எழுதியிருக்கிறேன். அது தனிப் பரிசுக்கு உரியது என்றாலும் எனக்கு அதுவும் எண்தான் என்று வட்டம் போட்டுவிட்டேன். நேற்று இரவு உட்கார்ந்து பத்துத் தள்ளி ஒப்பிட்டேன். கிட்டத்தட்ட அதே அளவு சிவப்பு. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏழாவதை நீக்கிவிட்டு முழு நோட்டையும் மறுபடி எண்ண வேண்டும்.

ஆனாலும் சொல் விஷயத்தில் நான் மாறவில்லை. எண்களைப் பார்க்கிறவன் வாயில் வருவது "மறுபடி வந்துடுச்சு" என்பதுதான். "மீளெண்" அதற்குப் பக்கத்தில் இருக்கிறது.

அனுப்பியவர்: இளங்கோ

73-க்கும் 56-க்கும் உள்ள வேறுபாடு இப்போது பிடிபட்டது. அதிலிருந்தே ஒன்று தோன்றுகிறது: நமக்கு ஒரு சொல் போதாது. பொருந்திய எண்ணுக்கு ஒன்று, ஒன்றுமே பொருந்தாத குலுக்கல் ஜோடிக்கு ஒன்று. கணக்கு இரண்டாவதில்தானே தொடங்குகிறது.

பள்ளிப் பாடநூலில் பொது உறுப்பே இல்லாத கணங்களை "வெட்டாக் கணங்கள்" என்கிறோம். அதே வழியில் "வெட்டாக் குலுக்கல்கள்" எனலாம். பொருந்திய எண்ணைப் "பொதுவெண்" எனலாம். மறுவரவை நான் திரும்பப் பெறுகிறேன்.

அனுப்பியவர்: பரிமளா

முதலில் கேள்வியைத் தவறாகப் படித்ததற்கு மன்னியுங்கள். ஆனால் தவறாகப் படிக்கிறவளாகவே ஒன்று சொல்கிறேன். "வெட்டாக் குலுக்கல்" என்றால் கணிதம் மறந்தவர்களுக்குச் சீட்டைக் கத்தரிக்காத குலுக்கலோ என்று தோன்றும். "பொதுவெண் இல்லாத" என்றே எழுதலாமே. "பொதுவெண்" நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று குலுக்கல்களைப் பற்றிப் பேசினால்? மூன்றிலும் வந்ததா, ஏதோ இரண்டில் மட்டும் வந்ததா?

அனுப்பியவர்: மீனா

அனைவருக்கும் நன்றி. "பொதுவெண்" என்பதை வைத்து அந்தப் பத்தியை மாற்றி எழுதிப் பார்த்தேன்:

"49-இல் ஆறு எடுக்கும் குலுக்கல்களில் எந்த இரண்டை எடுத்தாலும், அவற்றுக்கு ஒரு பொதுவெண்ணாவது இருக்கும் வாய்ப்பு 56 விழுக்காடு. நூறு ஜோடிகளில் 44 பொதுவெண் இல்லாதவை, 41 ஒரு பொதுவெண் உடையவை, 13 இரண்டு உடையவை."

உடையவை, இல்லாதவை என்று இரண்டு பக்கமும் சொல் வளைந்து கொடுக்கிறது. "மீளெண்" வைத்து இதே வாக்கியத்தை எழுதினால் "எந்த இரண்டை எடுத்தாலும்" என்ற இடத்தில் எது முந்தியது என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. அதனால் கணக்கு வரும் பகுதியில் "பொதுவெண்". சுந்தர் அண்ணாவின் நோட்டைப் போல ஒருவர் முடிவுகளை வரிசையாகப் பார்க்கும் இடத்தில் மட்டும் "மீளெண்" வரட்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். கதிரேசன் ஐயா ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

பரிமளா அக்காவின் மூன்று குலுக்கல் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இப்போதைக்கு "இருகுலுக்கல் பொதுவெண்", "முக்குலுக்கல் பொதுவெண்" என்று குறித்து வைத்திருக்கிறேன். நீளமாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.