லைஃப்டைம் பிளான் வாங்கிய சேவை கைமாறிவிட்டது: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

வைகைக்கரை: 2019-ல் புகைப்படங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சேவையில் 6,500 ரூபாய் கட்டி லைஃப்டைம் பிளான் வாங்கினேன். அப்பா இருந்த காலத்துப் படங்கள் எல்லாம் அதில்தான். போன மாதம் மெயில் வந்தது. சேவையை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டதாம். 60 நாளுக்குள் ஆண்டுக் கட்டணத்துக்கு மாறாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்களாம். கோபத்தில் `Delete account` வரை போய்விட்டேன், மகள்தான் தடுத்தாள். இவர்கள் சொன்னது யாருடைய ஆயுள்?

தறிச்சத்தம்: எனக்கும் இதே கதை. 999 ரூபாய்க்கு லைஃப்டைம் சிம் வாங்கினேன். 2018-ல் மாதம் 35 ரூபாய் போட்டால்தான் இன்கமிங் என்றார்கள். நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டேன். நீங்களும் போர்ட் பண்ணிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை: படங்களை அப்படி போர்ட் பண்ண முடியாதே அண்ணா. கம்பெனிகள் கைமாறும்போது கணக்கு பார்க்கிற வேலை எனக்கு. கம்பெனியையே பங்கோடு வாங்கினால் பழைய வாக்குறுதிகளும் கூடவே வரும். பெயர், மென்பொருள், வாடிக்கையாளர் பட்டியல் இவற்றை மட்டும் வாங்கினால், ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்ட பொறுப்பு மட்டும்தான் வரும். 2019-ல் நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 'சேவை இயங்கும் காலம் வரை' என்றுதான் இருக்கும். pCloud மாதிரி 99 ஆண்டு அல்லது கணக்குக்காரரின் ஆயுள், எது குறைவோ அது என்று எழுதிவைப்பவர்கள் குறைவு.

நெல்லைச்சீமை: நுகர்வோர் நீதிமன்றத்தில் போடுங்கள் அக்கா, முழுப் பணமும் வரும். நம் ஊரிலேயே போடலாம்.

கணக்குப்பிள்ளை: நம் ஊரில் போடலாம் என்பது சரி, 2019 சட்டம் அதற்கு இடம் தருகிறது. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பு யார்? பணம் வாங்கியவன் விற்றுவிட்டுப் போய்விட்டான், வாங்கியவன் வெளிநாட்டில். உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். அக்கா, கணக்கை மட்டும் இப்போது அழிக்காதீர்கள். முதலில் படங்களை இறக்குங்கள், எண்ணிக்கை சரிபாருங்கள். அப்புறம் ரசீது, பழைய விதி, அந்த மெயில் மூன்றையும் எடுத்து வையுங்கள். கணக்கை மூடுவது கடைசி. லைஃப்டைமுக்கு முன்னால் மாதச் சந்தா ஏதாவது இருந்ததா?

வைகைக்கரை: இருந்தது. இப்போதுதான் பார்த்தேன், ப்ளே ஸ்டோரில் `Subscriptions` பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! மாதம் 130 ரூபாய்.

கணக்குப்பிள்ளை: லைஃப்டைம் வாங்கினால் பழைய சந்தா தானாக நிற்காது, ஆப்பை நீக்கினாலும் நிற்காது. அந்தப் பக்கத்திலேயே `Cancel subscription` கொடுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் நேரடியாக அனுமதி கொடுத்திருந்தால் உங்கள் யுபிஐ ஆப்பில் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

வைகைக்கரை: ரத்து செய்துவிட்டேன். 11,240 படத்தில் 11,197 இறங்கியிருக்கிறது, மீதி 43-ஐத் தேடுகிறேன். வாட்ஸ்அப்பில் வந்தவை எல்லாம் இறக்கிய நாளின் தேதியையே காட்டுகின்றன. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும் அதில் இருக்கின்றன. பழைய தேதியை மீட்க யாருக்காவது வழி தெரியுமா?