அவசரம்: சப்ளையருக்கு ஜப்பானிய மெயில், "கேய்கோ தப்பு" என்கிறார்கள், எங்கே தப்பு?

மழைத்துளி77
சப்ளையர் கம்பெனிக்கு ஒரு மெயில் இன்று மாலைக்குள் போயாக வேண்டும். பக்கத்து சீட் சீனியரிடம் காட்டினேன். "கேய்கோ குழம்பியிருக்கு, மாத்து" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். மரியாதை நடை எந்த வரியில் தப்பு என்று சொல்லவில்லை. போனில் ஜப்பானிய எழுத்து வரவில்லை, தமிழிலேயே அடிக்கிறேன்.

யமதா புச்சோ கா ஜுமென் ஓ கோரன் நி நரிமஷித்த.
இத்தென் மொந்தாய் கா அரு தொ ஒஸ்ஷாய்மஷித்த.
ஷூசெய்பன் ஓ ஓக்குரி ஷித்தெ குதசாய்.

புச்சோ வரைபடத்தைப் பார்த்தார், ஒரு இடத்தில் பிரச்சினை என்றார், திருத்தி அனுப்புங்கள். அவ்வளவுதான் விஷயம். பார்ப்பதற்கும் சொல்வதற்கும் மரியாதை வினைதான் போட்டிருக்கிறேன். என்2 முடித்திருக்கிறேன், இலக்கணம் தெரியும். எங்கே உதைக்கிறது? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

வடபழனிவாசி
யமதா யார்? உங்கள் ஆளா, சப்ளையர் ஆளா? வரைபடம் யார் போட்டது? இதைச் சொல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

சோறும்சுஷியும்
முதல் இரண்டு வரி சரியாகத்தான் இருக்கிறது. சப்ளையரின் புச்சோ பார்த்தார், சொன்னார், அவரை உயர்த்தியிருக்கிறீர்கள். மூன்றாவது வரிதான் கொஞ்சம் கட்டளை மாதிரி. அது போக, மெயிலை எப்படி ஆரம்பித்தீர்கள்? "இத்சுமோ ஒசெவா நி நத்தெ ஒரிமஸ்" இல்லாமல் ஆரம்பித்தால் சீனியருக்குப் பிடிக்காது. எங்கள் ஆபீசில் அதற்கே திட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கடலோரக்கவி
குழப்பமே வேண்டாம் ப்ரோ. சந்தேகமாக இருந்தால் எல்லா வினையையும் "சசெத்தெ இத்ததக்கிமஸ்" ஆக்கிவிடுங்கள். பணிவு கூடினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழையபுலி
என்2 முடித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பரீட்சைக்கு வினைப் பட்டியலை மனப்பாடம் செய்திருப்பீர்கள், யாரிடம் பேசுகிறோம் என்பதைப் படிக்கவில்லை. இங்கே பழைய இழைகளைத் தேடிப் பார்த்தாலே போதும்.

வடபழனிவாசி
@பழையபுலி தேடினேன். நீங்கள் "தேடிப் பாருங்கள்" என்று எழுதிய இழைகள்தான் வருகின்றன.

மழைத்துளி77
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். யமதா எங்கள் பக்கம், என் மேலதிகாரி. வரைபடம் சப்ளையர் போட்டது. ஆரம்ப வரி, கடைசி வரி எல்லாம் இருக்கிறது, இங்கே போடவில்லை.

கோபேஅக்கா
அப்படியானால் சீனியர் சொன்னது சரி. மூன்று வரியும் தப்பு, ஆனால் தப்பு இரண்டு வகை.

முதல் வகை. வெளிக் கம்பெனியிடம் பேசும்போது உன் மேலதிகாரியும் நீயும் ஒரே கட்சி. அவர் ஆபீசுக்குள் உனக்கு எவ்வளவு பெரியவராக இருந்தாலும், சப்ளையர் முன்னால் அவர் செய்கிற காரியத்தைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். நீ கோரன் நி நரு, ஒஸ்ஷாரு போட்டால், "எங்கள் ஐயா தயவு செய்து உங்கள் படத்தைப் பார்த்தருளினார்" என்று அவர்களிடம் போய்ச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நமக்கு இது ஏன் உறைப்பதில்லை என்றால், தமிழில் யாரிடம் பேசினாலும் "எங்க மேனேஜர் சொன்னார்" தான். அங்கே எதிரில் யார் என்பதைப் பொறுத்து அதே மனிதர் ஏறுவார், இறங்குவார்.

ஆகவே கோரன் நி நரு போய் ஹைக்கென். வரைபடம் அவர்களுடையது என்பதால் அது கச்சிதமாகப் பொருந்தும். யமதா தன் சொந்தப் படத்தைப் பார்த்ததைச் சொல்வதாக இருந்தால் ஹைக்கென் வராது, அப்போது சப்ளையரைத் தூக்கிப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. ஒஸ்ஷாரு போய் மோஸு. பெயரும் அப்படித்தான்: "யமதா புச்சோ" என்று பதவியைப் பெயருக்குப் பின்னால் ஒட்டினாலே அது மரியாதை அடைமொழி. வெளியே "ஹெய்ஷா நோ யமதா", அதாவது எங்கள் கம்பெனியின் யமதா, போதும். பதவி தெரியணும் என்றால் "புச்சோ நோ யமதா". சான் வேண்டவே வேண்டாம்.

மழைத்துளி77
யமதா சிசியில் இருக்கிறார் அக்கா. அவர் பெயரை மொட்டையாகப் போட்டால் கோபம் வராதா?

கோபேஅக்கா
வராது. அடைமொழியோடு போட்டால்தான் அவருக்குச் சங்கடம், சப்ளையர் முன்னால் தன் ஆளுக்கு மெயில் எழுதத் தெரியவில்லை என்று ஆகும்.

மூன்றாவது வரி வேறு வகை. "ஓக்குரி ஷித்தெ குதசாய்" என்பதில் முன்னால் ஒரு "ஓ", பின்னால் "சுரு". அந்தச் சட்டகம் செய்பவரைத் தாழ்த்துவது. "ஓக்குரி ஷிமஸ்", நான் அனுப்புகிறேன், சரி. ஆனால் இங்கே அனுப்பப்போவது அவர்கள். அவர்களைத் தாழ்த்தி, கூடவே "குதசாய்" என்று கேட்கிறாய். நடுவில் இருக்கிற "ஷித்தெ"யைத் தூக்கிவிடு: "ஓக்குரி குதசாய்". இன்னும் மென்மையாக வேண்டும் என்றால் "ஓக்குரி இத்ததக்கெமஸ்தொ சாய்வாய் தெஸ்". இத்ததக்குவும் தாழ்த்தும் வினைதான், ஆனால் பெற்றுக்கொள்பவர் நாம், அதனால் நம்மைத்தான் தாழ்த்துகிறது. "கோரென்ராக்கு ஷித்தெ குதசாய்" என்று ஜப்பானியர்களே எழுதுவதைப் பார்த்திருப்பாய், அதுவும் இதே தப்புதான். சந்தேகம் வந்தால் ஓ, கோ எதுவும் இல்லாமல் "ஒக்குத்தெ குதசாய்" என்று எழுது. கொஞ்சம் மொட்டையாக இருக்கும், ஆனால் தப்பு இல்லை.

அப்புறம் "மொந்தாய் கா அரு" வேண்டாம். அது கேய்கோ விஷயம் இல்லை, ஆனால் சுருக்கென்று இருக்கும். மொத்தமாக:

ஹெய்ஷா நோ யமதா கா ஜுமென் ஓ ஹைக்கென் ஷிமஷித்த தொக்கோரோ, இத்தென், ஷூசெய் ஓ ஒநெகாய் ஷித்தாய் கஷோ கா அரு தொ மோஷித்தெ ஒரிமஸ். ஷூசெய்பன் ஓ ஓக்குரி இத்ததக்கெமஸ்தொ சாய்வாய் தெஸ்.

எந்த இடத்தில் திருத்தம் என்பதை அடுத்த வரியிலேயே எழுது. இல்லையென்றால் கேய்கோ எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர்கள் திரும்பிக் கேட்பார்கள்.

கடலோரக்கவி
"ஹைக்கென் சசெத்தெ இத்ததக்கிமஷித்த" தான் எங்கள் ஆபீசில் எல்லாரும் எழுதுகிறார்கள் அக்கா. ஜப்பானியர்களும்தான்.

பழையபுலி
அது இரட்டைக் கேய்கோ. ஹைக்கென்னே தாழ்த்தும் சொல், அதன் மேல் இன்னொன்று. படித்தவர்கள் எழுத மாட்டார்கள்.

கோபேஅக்கா
அதை இரட்டைக் கேய்கோ என்று சொல்ல முடியாது புலி சார். 2007இல் கலாச்சார மன்றம் வெளியிட்ட "கேய்கோ நோ ஷிஷின்" இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. ஒரே சொல்லின் மேல் ஒரே வகை மரியாதையை இரண்டு தரம் ஏற்றினால்தான் இரட்டை. "ஒயொமி நி நரரெரு" மாதிரி. "தெ" போட்டு இரண்டு வினைகளைக் கோப்பது வேறு. அதையே அவர்கள் குறை சொல்வதில்லை. "ஒவுக்காகாய் சுரு" மாதிரி சில இரட்டைகளைக்கூட வழக்கத்தில் நிலைத்துவிட்டன என்று ஏற்றுக்கொள்கிறார்கள்.

சசெத்தெ இத்ததக்குவில் என் கேள்வி வேறு. எதிராளியின் அனுமதி வேண்டும், அதனால் நமக்கு நன்மை வேண்டும், இரண்டும் இருந்தால் அது அழகு என்று அதே ஆவணம் சொல்கிறது. கடை வாசலில் "இன்று விடுமுறை விட அனுமதி பெறுகிறோம்" என்று எழுதுவது, "நான் இந்தப் பள்ளியில் படித்து முடிக்க அனுமதி பெற்றேன்" என்பது எல்லாம் அங்கே உதாரணங்கள், எது எவ்வளவு பொருந்தும் என்று பேசுகிறார்கள். சப்ளையர் பார்க்கச் சொல்லித்தான் படத்தை அனுப்பினார். பார்க்க அனுமதி எதற்கு?

பழையபுலி
ஆவணம் வேறு, ஆபீஸ் வேறு. வாடிக்கையாளர் கண்ணில் உறுத்தினால் ஆவணத்தைக் காட்ட முடியுமா?

கடலோரக்கவி
அதையேதான் நானும் சொல்கிறேன். உறுத்தவில்லை, எல்லாரும் எழுதுகிறார்கள்.

சோறும்சுஷியும்
நீங்கள் இரண்டு பேரும் ஒரே காரணத்தை வைத்து எதிரெதிராகப் பேசுகிறீர்கள் 😄

சரி, என் விஷயம். போன வாரம் சக ஊழியர் ஒருவரின் மனைவி ஆபீசுக்கு போன் செய்தார். இந்த விதிப்படி நான் பெயரை மொட்டையாகச் சொல்லி "வெளியே போயிருக்கிறார்" என்பதைத் தாழ்த்திச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார். ஏன்?

கோபேஅக்கா
வீட்டு ஆட்கள் போன் செய்தால் அவர் அவர்கள் கட்சி. அவர்களிடம் அவரை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும், சான் போட்டு. கோடு கம்பெனி வாசலில் இல்லை, எதிரில் இருப்பவருக்கு அவர் எவ்வளவு நெருக்கம் என்பதில் இருக்கிறது.

வடபழனிவாசி
@மழைத்துளி77 அனுப்பும் முன் ஒரு கேள்வி. நீங்கள் யமதாவின் கம்பெனி ஊழியரா? "எங்கள் பக்கம்" என்று எழுதினீர்கள், "எங்கள் கம்பெனி" என்று எழுதவில்லை.

மழைத்துளி77
இல்லை. நான் இந்திய ஐ.டி. கம்பெனி, இங்கே ஆன்சைட். யமதா க்ளையண்ட். அது முக்கியமா?

வடபழனிவாசி
ஐயோ.

கோபேஅக்கா
முக்கியம்தான், தம்பி. மெயில் யார் பெயரில் போகிறது என்பதைப் பார். க்ளையண்டின் மெயில் முகவரி, க்ளையண்டின் பெயர் போட்ட கையெழுத்து என்றால் நீ அவர்கள் வாயாகப் பேசுகிறாய். ஹாக்கென்னில், அதாவது ஏஜென்சி மூலம், வந்தவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். அப்போது நான் மேலே எழுதியது அப்படியே நிற்கும். உன் கம்பெனி பெயரில் போனால் யமதா உனக்கு வாடிக்கையாளர், "ஹெய்ஷா நோ யமதா" என்று எழுதுவதே பொய். அப்போது க்ளையண்ட் பெயரைச் சொல்லி "யமதா சாமா", கோரன் நி நரு, ஒஸ்ஷாரு எல்லாம் திரும்பி வந்துவிடும். நீ முதலில் எழுதிய வினைகளே சரியாகிவிடும், சாமா தவிர. மூன்றாவது வரி மட்டும் எப்படிப் பார்த்தாலும் தப்பு.

பழையபுலி
இதற்குத்தான் முதலிலேயே கேட்க வேண்டும்.

வடபழனிவாசி
முதலில் கேட்டது நான்.

மழைத்துளி77
முகவரி க்ளையண்டுடையது. கையெழுத்தில் இரண்டு கம்பெனி பெயரும் இருக்கிறது, மேலே க்ளையண்ட், கீழே எங்களுடையது. அக்கா எழுதியதைப் போட்டு அனுப்பிவிட்டேன். சீனியர் பார்த்துவிட்டு "ம்ம்" என்றார், திட்டவில்லை. நன்றி எல்லாருக்கும், ஓடுகிறேன்.

சோறும்சுஷியும்
இரண்டு பெயரும் இருந்தால் எந்தக் கட்சி?

கடலோரக்கவி
சசெத்தெ இத்ததக்கு போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கோபேஅக்கா
வந்திருக்கும் கவி. யமதாவின் பெயருக்குப் பின்னால் என்ன போடுவாய்?